கடித்தது யாருடைய நாய்?

கனவில் நாய் கடித்தால் என்ன பலன் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால், யாரோ பகை வைத்திருக்கிறார்கள், கவனமாக இரு என்பார்கள். இன்னும் கொஞ்சம் விவரமாகப் பேசுகிறவர், வெளியாள்தான் என்றில்லை, கூடவே இருந்து குழி பறிக்கிறவராகவும் இருக்கலாம் என்று சேர்த்துக்கொள்வார். காலையில் காபியோடு கேட்ட இந்த வார்த்தை அன்று முழுக்கக் கூடவே வரும். பக்கத்து இருக்கைக்காரர் சும்மா சிரித்தால்கூட, இவராக இருக்குமோ என்று மனம் ஒரு கணம் நின்று பார்க்கும்.

இந்தப் பலன் நம் ஊருக்கு மட்டும் சொந்தமானது இல்லை. இதை மிக விரிவாக எழுதிவைத்த பழைய நூல் ஒன்று, இன்றைய துருக்கியின் மேற்குக் கரைப் பகுதியில் பிறந்தது. அர்தெமிதோரஸ் என்ற கிரேக்கர் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அதை எழுதினார். எபேசஸ் நகரில் பிறந்தவர். ஆனால் தாயின் ஊர் சிறியது, அதற்கும் ஒரு பெயர் கிடைக்கட்டும் என்று தன்னை தால்திஸ் ஊர்க்காரர் என்றே அழைத்துக்கொண்டார். அவருடைய ‘கனவு நூல்’ ஐந்து பகுதிகளைக் கொண்டது. கடைசி இரண்டையும் தன் மகனுக்காக, அவனும் இந்தத் தொழிலில் நிற்க வேண்டும் என்பதற்காக எழுதினார். ஐந்தாம் பகுதி முழுக்க 95 கனவுகளும், அவற்றைக் கண்டவர்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்ற விவரமும்தான்.

இந்த மனிதரை நான் மதிப்பதற்குக் காரணம், அவர் ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு பலன் சொன்னவர் இல்லை என்பது. கிரேக்க நாட்டிலும் ஆசியாவிலும் இத்தாலியிலும் தீவுகளிலும் அலைந்து, சந்தையிலும் திருவிழாவிலும் உட்கார்ந்து குறி சொல்கிறவர்களிடம் போய்ப் பழகியவர். படித்தவர்கள் அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று ஒதுக்கினார்கள். அர்தெமிதோரஸ் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, யார் என்ன கனவு கண்டார், பின்னால் என்ன ஆயிற்று என்று கேட்டுக் கேட்டுச் சேகரித்தார்.

நாயைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் பார்த்தால், ‘நாய் கடித்தால் பகை’ என்ற ஒற்றை வரி அங்கே இல்லை. முதலில் நாய்களைப் பிரிக்கிறார். வேட்டை நாய் வேறு, வீட்டைக் காக்கும் நாய் வேறு, செல்லமாக வளர்க்கும் சின்ன நாய் வேறு. பிறகு, நம் விஷயத்துக்கு முக்கியமான கோட்டைப் போடுகிறார். சொந்த வீட்டு நாய் என்றால் அது வீட்டில் உள்ளவர்களைக் குறிக்கும். மனைவி, வீட்டு அடிமைகள், சேர்த்த சொத்து எல்லாம் அதற்குள் அடங்கும். அந்த நாய் வாலாட்டிக் குழைந்தால் வீட்டாரால் நன்மை. சீறிப் பாய்ந்தால் அவர்களிடமிருந்து மனக்கசப்பும் நஷ்டமும் வரும். பிறத்தியார் நாய் என்றால் கணக்கே வேறு. அது கடித்தாலோ குரைத்துப் பாய்ந்தாலோ, கெட்ட மனிதர்களால் தாக்குதலும் அநியாயமும் உண்டு. அதே நாய் குழைந்துகொண்டு வந்தால் இன்னும் மோசம், ஏமாற்று வேலை நடக்கிறது என்கிறார். வெள்ளை நாய் என்றால் தாக்குதல் வெளிப்படையாக வரும், கறுப்பு நாய் என்றால் மறைவாக வரும்.

ஆக, நம்பினவரா பகைவரா என்ற கேள்விக்கு அவர் கடியைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. கடித்தது யாருடைய நாய் என்று கேட்டுத்தான் சொல்கிறார். கேட்க வேண்டியதும் அதோடு முடியவில்லை. கனவு கண்டவர் யார், என்ன தொழில், எந்த வயது, எப்படிப்பட்ட வசதி, உடம்பு எப்படி இருக்கிறது, அவர் ஊரின் வழக்கம் என்ன, இவ்வளவையும் தெரிந்துகொள்ளாமல் பலன் சொல்லக் கூடாது என்று மகனுக்கு அறிவுறுத்துகிறார். பாதி மறந்துபோன கனவுக்குப் பலன் சொல்லாதே என்பதும் அவர் வைத்த கட்டுப்பாடு. நாய்க்கு அவர் தரும் இன்னொரு பொருளைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும்: காய்ச்சல். கோடையின் உச்சத்தில் கிழக்கே உதிக்கும் சிரியஸ் விண்மீனைக் கிரேக்கர்கள் நாய் என்று அழைத்தார்கள், அந்தப் பருவத்தின் காய்ச்சலுக்கு அதுவே காரணம் என்றும் நம்பினார்கள். எனவே கனவில் வரும் நாய் வரப்போகும் நோயாகவும் இருக்கலாம். அவர் கணக்கிலேயே நாய் எப்போதும் ஒரு மனிதரைக் குறித்தாக வேண்டும் என்பதில்லை.

9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற மருத்துவர் பெயரில் இந்த நூல் அரபிக்குப் போனது. அதன் முதல் மூன்று பகுதிகள் ஒரு கையெழுத்துப் பிரதியாக இன்றும் இருக்கின்றன. அரபுலகத்தில் அதற்கு முன்பே கனவுக்குப் பலன் சொல்லும் மரபு வேரூன்றியிருந்தது. கி.பி. 728இல் காலமான பஸ்ரா நகரத்து இப்னு சீரீன் அதில் பெரிய பெயர். அவர் பெயரில் இன்று விற்கும் புத்தகங்கள் எல்லாம் அவருக்குப் பல தலைமுறை கழித்துத் தொகுக்கப்பட்டவை. அந்த மரபில் நாய் என்றால் பலமில்லாத, தரம் தாழ்ந்த பகைவன். குரைத்தால் அவனிடமிருந்து வசவு, கடித்தால் தீங்கு, துணியைக் கிழித்தால் மானத்துக்குப் பங்கம். இங்கே நாய் பெரும்பாலும் வெளியாளாகிவிட்டது. இஸ்லாமிய மரபில் எனக்குப் பிடித்த இன்னொரு அறிவுரையும் உண்டு. அச்சுறுத்தும் கனவை ஊர் முழுக்கச் சொல்லித் திரியாதே, இறைவனிடம் பாதுகாப்பு தேடு, திரும்பிப் படு என்பது அது. பயத்தில் கண்டதை நாலு பேரிடம் சொல்லி, அதற்கு நாலு பேர் நாலு பெயரைச் சூட்டுவதை அது முளையிலேயே கிள்ளிவிடுகிறது.

பெயர் சூட்டுவதில்தான் எல்லாக் கெடுதலும் இருக்கிறது. அர்தெமிதோரஸின் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். வீட்டு நாய் என்றால் மனைவி, அடிமை. கனவு கண்டவர் வீட்டுத் தலைவர். அவரை எதிர்த்துப் பேச முடியாதவர்கள் மீதுதான் சந்தேகம் போய் விழுகிறது. நம் வீடுகளில் இதே பலன் யார் தலையில் விடியும் என்று யோசித்தால் வயிறு கலங்குகிறது. புதிதாக வந்த மருமகள், வேலைக்கு வரும் அம்மா, ஒண்டிக்கொண்டிருக்கும் தூரத்து உறவு. மாமியார் கண்ட கனவுக்கு மருமகள் பதில் சொல்ல வேண்டிவரும். அதுவும் எப்படி? கனவு கண்டவர் மறுநாள் முதல் முகம் கொடுத்துப் பேச மாட்டார். மற்றவரும் ஒதுங்கிப்போவார். ஒரு வாரத்தில் சின்னச் சச்சரவு வரும். பார்த்தாயா, கனவு பலித்துவிட்டது என்பார்கள். பலிக்காத கனவுகளை யாரும் கணக்கு வைப்பதில்லை என்பதால் பலித்த ஒன்று மட்டும் குடும்பக் கதையாக நிலைத்துவிடும்.

சிக்மண்ட் ஃப்ராய்டு வியன்னாவில் எழுதிய ‘கனவுகளின் விளக்கம்’ நூல் 1899 நவம்பரில் வெளிவந்தது, ஆனால் 1900 என்று அச்சிட்டிருந்தார்கள். அதில் அவர் அர்தெமிதோரஸைப் பெயர் சொல்லி மதிப்போடு குறிப்பிடுகிறார். ஒரே ஒரு வித்தியாசத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறார். அர்தெமிதோரஸிடம் போனால், நாய் என்றதும் அவர் மனதில் என்ன தோன்றுகிறதோ அதிலிருந்து பலன் வரும். ஃப்ராய்டிடம் போனால், நாய் என்றதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது, சொல்லுங்கள் என்பார். ஒவ்வொரு கனவுக்குள்ளும் முந்தைய நாளின் ஏதோ ஒரு துணுக்கு இருக்கும் என்றும் அவர் கருதினார். ஃப்ராய்டின் மற்ற பல கருத்துகள் இன்று செல்லாக்காசாகிவிட்டன. இந்த இரண்டும் அவ்வளவு எளிதாக உதிரவில்லை. பின்னால் வந்த கனவு ஆராய்ச்சியாளர்கள், குறிப்பாக ஆயிரக்கணக்கான கனவுகளைச் சேகரித்து எண்ணிப் பார்த்த அமெரிக்க உளவியலாளர் கால்வின் ஹால், விழித்திருக்கும்போது எது நம்மை அரிக்கிறதோ அதுவே கனவிலும் தொடர்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். முந்தைய நாள் நடந்தது மட்டுமல்லாமல், 5 முதல் 7 நாளுக்கு முன்னால் நடந்ததும் தாமதமாகக் கனவில் தலைகாட்டுவதுண்டு என்பது பிறகு கண்டறிந்த விஷயம். ஆகவே நாய்க் கனவு கண்டால் வரப்போகிற வாரத்தைப் பார்த்துப் பயப்படுவதைவிட, போன வாரத்தைத் திரும்பிப் பார்ப்பது பலன் தரும்.

அப்படிப் பார்ப்பதற்கு முன்னால், இது மனஸ்தாபத்தைப் பற்றிய கனவே இல்லை என்ற சாத்தியத்தைத் தள்ளிவிட வேண்டும். உங்களை நிஜமாகவே நாய் துரத்தியிருக்கலாம், கடித்திருக்கலாம். இரவு வேலை முடிந்து தெருமுனையில் நாலைந்து நாய்களைத் தாண்டி வீட்டுக்கு வருகிறவருக்கு அந்தத் தெருவே கனவில் வந்தால் அதில் மர்மம் எதுவும் இல்லை. கனவில் கண்டது அப்படியே நேரடியான பொருளில் நிற்கும் வகை ஒன்று உண்டு என்று அர்தெமிதோரஸே பிரித்துவைத்திருக்கிறார். பயந்தவனுக்குப் பயந்ததும் பசித்தவனுக்குச் சோறும் கனவில் வரும், அதற்குப் பலனே கிடையாது என்றும் சொல்கிறார். காய்ச்சலில் படுத்திருப்பவருக்கும் சில மருந்துகள் சாப்பிடுகிறவருக்கும், உதாரணமாக ரத்த அழுத்தத்துக்குத் தரும் ப்ரோப்ரனலால் போன்றவற்றை எடுப்பவருக்கும், கொடுங்கனவுகள் அதிகமாக வரலாம். மருந்து மாறிய நாளையும் கனவு தொடங்கிய நாளையும் சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மருந்தை நாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் போதும்.

இன்னொன்றை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் குடும்பச் சண்டை என்று தவறாகப் புரிந்துகொள்வது மிக எளிது. கனவு காணும் உறக்க நிலையில் மூளை நம் தசைகளைத் தளர்த்திப் போட்டுவிடும். அதனால்தான் கனவில் எவ்வளவு ஓடினாலும் கால் கட்டிலிலேயே கிடக்கிறது. இந்தப் பூட்டு பழுதாகிவிட்டால் கனவில் செய்வதை உடம்பும் செய்துவிடும். 1986இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்ட் என்ற மருத்துவர்கள் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். பெரும்பாலும் 50 வயது தாண்டிய ஆண்களிடம் காணப்படுவது. அவர்கள் கனவு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்: யாரோ தாக்குகிறார்கள், அல்லது ஒரு மிருகம் பாய்கிறது, இவர் திருப்பி அடிக்கிறார், உதைக்கிறார். அந்த உதை பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி மேல் விழும். கட்டிலிலிருந்து கீழே விழுந்து காயம் படுவதும் உண்டு.

இவர்களைப் பற்றிய ஆராய்ச்சியில் ஒரு விஷயம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. அவர்கள் கனவில் சண்டையும் மிருகங்களும் மற்றவர்களைவிட அதிகம். ஆனால் பகலில் அவர்கள் மற்றவர்களைவிடக் கோபக்காரர்கள் இல்லை. வீட்டில் சண்டை இருக்கிறது என்றோ மனதில் பகை இருக்கிறது என்றோ இந்த நாய்க்குப் பொருள் சொல்லவே முடியாது. மூளைத்தண்டில் ஏற்படும் மாற்றம்தான் காரணம். சிலருக்கு இது பல ஆண்டுகள் கழித்து வரும் பார்க்கின்சன் நோயின் முன்னறிகுறியாகவும் இருக்கிறது. எனவே நாய் பாயும் கனவோடு கை கால் வீசுவது, கத்துவது, படுக்கையிலிருந்து குதிப்பது என்று சேர்ந்து வந்தால், பலன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கூடவே அந்த மனைவியையும் அழைத்துப் போக வேண்டும். இரவில் நடப்பதைச் சரியாகச் சொல்லக்கூடியவர் அவர்தான்.

இவை எதுவும் இல்லை, கனவு மட்டும் உறுத்துகிறது என்றால் அதை எப்படிப் படிப்பது? நான் புனைந்து சொல்லும் ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம்.

நாற்பத்தைந்து வயது மனிதர். சின்ன ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறார், மனைவியின் தம்பியும் கூட வேலை பார்க்கிறார். கணக்கு வழக்கு எல்லாம் மச்சினன் கையில். கனவில் இவர் கொல்லைப்புறம் கட்டிவைத்திருக்கும் நாய்க்குச் சோறு வைக்கக் குனிகிறார். அது வலது கையைக் கவ்விவிடுகிறது. இவர் கத்தவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு, மனைவிக்குத் தெரியக் கூடாது என்று சமையலறையைத் தாண்டிப் போகிறார். அங்கே விழிப்பு வந்துவிடுகிறது.

பலன் புத்தகம் உடனே தீர்ப்பு எழுதிவிடும். சொந்த நாய், சோறு போட்ட கை, வளர்த்த கடா மார்பில் பாய்ந்த கதை. மச்சினன் கணக்கில் கை வைக்கிறான், பார்த்துக்கொள்.

புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னால், எழுந்த சூட்டோடு கனவை எழுதிவைப்பது நல்லது. பலனைக் கேட்டபிறகு எழுதினால், கேட்ட பலனுக்கு ஏற்றபடி கனவை நாமே அறியாமல் திருத்திவிடுவோம். எழுதும்போது கடியைவிட, கடிபட்டதும் மனம் எப்படி இருந்தது என்பதை விவரமாக எழுத வேண்டும். நம் அச்சகக்காரருக்கு வந்தது பயம் இல்லை, வெட்கம். பகைவன் பாய்ந்தால் பயம் வரும், கோபம் வரும். கடித்த காயத்தைத் துண்டால் மறைக்கத் தோன்றாது. கனவிலேயே வினோதமான காட்சி அந்தத் துண்டுதான், பலன் புத்தகத்தில் அதற்கு இடமே இல்லை.

அடுத்து, போன ஒரு வாரம். நாலு நாளைக்கு முன் ஒரு திருமண அழைப்பிதழ் வேலையில் இவர் தொகையைத் தவறாகச் சொல்லிவிட்டார். மச்சினன் வாடிக்கையாளர் முன்னாலேயே, “விடுங்க மாமா, கணக்கை நான் பாத்துக்கறேன்” என்றான். அவன் சாதாரணமாகச் சொன்னதுதான். இவருக்கு முகம் சுருங்கிவிட்டது. மனைவியிடம் சொன்னால் தம்பியைக் குறை சொல்கிறார் என்று ஆகிவிடும் என்பதால் சொல்லவில்லை. சமையலறையைத் தாண்டி மறைத்துக்கொண்டு போன கை எது என்று இப்போது தெரிகிறது.

கேட்காமல் விடக் கூடாத கேள்வி இன்னும் ஒன்று இருக்கிறது, பெரும்பாலானவர்கள் இதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். அந்த நாயைக் கட்டிவைத்தது யார்? கனவில் நாய் சங்கிலியில் இருந்தது. நாயின் இடத்தில் நின்று அந்தக் காட்சியை ஒரு தடவை பார்க்கச் சொன்னால், இவருக்கு நினைவு வரும். அச்சகத்தில் மூன்றில் ஒரு பங்கு உனக்கு என்று மச்சினனிடம் சொல்லியிருந்தார். பங்குப் பத்திரம் எழுதுவதை ஆடி கழியட்டும், தை பிறக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போகிறார். அவன் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காமலே இருப்பது இவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறது.

மச்சினன் கணக்கில் கை வைக்கிறானா இல்லையா? கனவுக்கு அது தெரியாது. கணக்குப் புத்தகத்துக்குத்தான் தெரியும். இவர் பட்ட அவமானமும் இவர் தள்ளிப்போட்ட வாக்கும் இவருக்குள் இருப்பவை, அவற்றைப் பற்றி மட்டுமே இவருடைய கனவால் சாட்சி சொல்ல முடியும். வேறொருவர் மனதில் இருப்பதைச் சொல்ல அதற்கு வழியில்லை. உண்மையாகவே பணம் குறைகிறது என்ற ஐயம் இருந்தால் அதற்கு ஆதாரம் ரசீதிலும் வங்கிக் கணக்கிலும் இருக்கும். அது கனவு வருவதற்கு முன்பும் அங்கேதான் இருந்தது.

ஒரே கனவு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை திரும்பத் திரும்ப வந்து தூக்கத்தைக் கெடுத்தால் அதற்குத் தனி வழி இருக்கிறது. கொடுங்கனவுக்கு இன்று உளவியலாளர்கள் பயன்படுத்தும் முறைகளில் எளிமையானது. பகல் வெளிச்சத்தில் கனவை எழுதி, எந்த இடத்திலிருந்து வேண்டுமானாலும் அதன் போக்கை மாற்றி எழுத வேண்டும். நாய் வாயைத் திறப்பதற்கு முன் நீங்கள் சங்கிலியை அவிழ்த்துவிட்டதாகவும் எழுதலாம், அது படுத்துக்கொண்டதாகவும் எழுதலாம். எது தோன்றுகிறதோ அது. பிறகு அந்தப் புதிய கனவை மட்டும் தினமும் பத்து இருபது நிமிடம் கண்ணை மூடி மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும், பழையதை அல்ல. சில வாரங்களில் பலருக்குக் கனவின் வேகம் குறைகிறது. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் கனவுகளுக்கு இதைத் தனியாகச் செய்யாமல், தெரிந்த ஒருவரின் துணையோடு செய்வது நல்லது.

அச்சகக்காரர் மச்சினனிடம் கனவைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. பேசினால், என்னை நாய் என்கிறீர்களா மாமா என்பதில் போய் நிற்கும், அதற்கப்புறம் எது சொன்னாலும் எடுபடாது. மாலையில் இயந்திரத்தை நிறுத்தியபிறகு, மற்ற ஆட்கள் போனபிறகு, “தம்பி, அன்னிக்கு கஸ்டமர் முன்னாடி நீ சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. அதை விடு. அந்தப் பத்திரத்தை இந்த மாசமே எழுதிடலாம், வர்ற வெள்ளிக்கிழமை வக்கீலைப் பாத்துட்டு வருவோம்” என்று சொல்லலாம். அவன் என்ன சொல்வான் என்பது அவனைப் பொறுத்தது. வீட்டுக்குப் போனதும் மனைவியிடமும் இதைச் சொல்லிவிட வேண்டும், தம்பியைப் பற்றிய குறையாக இல்லாமல், தனக்குப் பட்டதாக.